முன்தோல் இறுகுகிறது, முனை சிவந்து எரிகிறது: ஆண்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். ஆண்குறியில் வரும் இந்தக் கரைச்சலோடு வருபவர்கள் முதலில் தடிமல், முதுகு நோவு என்று வேறு எதையாவது சொல்வார்கள். மருந்துத் துண்டையும் வாங்கி, கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் "இன்னொரு விஷயம் டொக்டர்" என்று திரும்புவார்கள். கீழே உள்ளவை அப்படி வந்த கேள்விகள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக இந்தத் தொல்லை தொடங்கியவர்களை மனதில் வைத்தே அதிகம் எழுதியிருக்கிறேன்.

முந்தி தோல் லேசாகப் பின்னுக்குப் போகும். இப்போது ஆறு மாதமாக இறுகிவிட்டது, விளிம்பில் வெடிப்பு. ஏன் இப்படி?

முதலில் இரத்தத்தில் சீனி பாருங்கள். நாற்பதை அண்டிய ஒருவருக்கு நன்றாக இருந்த முன்தோல் இறுகத் தொடங்கினால், கிறீம் எழுதுவதற்கு முன்பே நான் கேட்கும் பரிசோதனை அதுதான்.

காரணம் இதுதான். இரத்தத்தில் சீனி ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடிவதில்லை. மிச்சம் சலத்தோடு வெளியே போகிறது. சலம் கழித்தபின் ஓரிரு துளி முன்தோலுக்குள் தங்குவது எல்லா ஆண்களுக்கும் நடப்பதுதான். அந்தத் துளியில் சீனி இருந்தால், தோலில் சாதாரணமாகவே கொஞ்சமாக வாழும் கன்டிடா என்ற பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. சூடும் ஈரமும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. பூஞ்சணம் பெருகி, முனையும் தோலின் உட்பக்கமும் சிவந்து புண்ணாகும். இந்த அழற்சியைத்தான் பலனைட்டிஸ் என்கிறோம்.

புண்பட்ட தோல் விளிம்பில் வெடிக்கும். வாய்க்கோணம் வெடிப்பதுபோல மெல்லிய கோடுகளாக, வட்டத்தைச் சுற்றிலும் வரும். ஒவ்வொரு வெடிப்பும் ஆறும்போது கொஞ்சம் தழும்பு விடும். தழும்புக்கு இழுபடத் தெரியாது. அதனால் தோலின் வாய் சுருங்குகிறது. சுருங்கினால் உள்ளே கழுவ முடியாது. கழுவாவிட்டால் மறுபடியும் புண். பின்னுக்கு இழுக்க முடியாத அந்த இறுக்கத்துக்குத்தான் பைமோசிஸ் என்று பெயர். பலருக்கு இரண்டும் ஒரே சங்கிலியின் வளையங்கள். சீனியைக் கண்டுபிடிக்காமல் தோலுக்கு மட்டும் மருந்து போட்டால் சங்கிலி அறாது.

எனக்குச் சலரோகம் இருந்தால் தெரியாமலா இருக்கும்?

தெரியாமல் இருக்கும். சீனி வருத்தம் வருடக்கணக்கில் சத்தமே போடாமல் இருக்கக்கூடியது. புறக்கோட்டையில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்யும் 46 வயதுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஐந்து மாதமாக அரிப்பு. மனைவியோடு சேரும்போது தோல் கிழிந்து இரத்தம் கசியும், அதனால் அவரைத் தவிர்த்து வந்திருக்கிறார். ஏன் என்று வீட்டில் சொல்லவில்லை. மனைவி வேறு விதமாக விளங்கிக்கொண்டு பேசுவதையே நிறுத்திவிட்டார். பாமசியில் மூன்று முறை கிறீம் வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை சுகம், பிறகு பழையபடி.

பார்த்தபோது தோல் பாதிதான் பின்னுக்குப் போனது. தெரிந்த அளவு முனை பளபளவென்று சிவந்து, அதன்மேல் குண்டூசித் தலை அளவில் சிறிய சிவப்புப் புள்ளிகள். மடிப்பில் வெள்ளையாகத் தயிர்த் திவலை மாதிரி. விளிம்பில் நான்கு வெடிப்புகள். இரவில் சலத்துக்கு எழும்புவீர்களா என்று கேட்டேன். "இரண்டு தரம், சில நாள் மூன்று தரம். வயசு போகுதுதானே டொக்டர்" என்றார். கடையில் தாகத்துக்குச் சீனி போட்ட பிளேன்ரீ ஒரு நாளைக்கு ஆறேழு குடிப்பாராம்.

அடுத்த நாள் காலை வெறும் வயிற்றில் பார்த்த சீனி 214. இரண்டு தரம் பார்த்து 126 அல்லது அதற்கு மேல் வந்தாலே சலரோகம் என்று சொல்லிவிடலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அவருக்கு 9.4 சதவீதம்; 6.5 இலேயே சலரோகம் தொடங்குகிறது. அவர் தோலுக்காக வந்திருந்தார். அந்தத் தோல்தான் அவருடைய வருத்தத்தை முதலில் சொன்னது.

குளோட்ரிமசோல் 1 சதவீதக் கிறீம் காலையும் இரவும் 14 நாட்களுக்குக் கொடுத்தேன். மெற்ஃபோமின் தொடங்கினோம், பிளேன்ரீயில் சீனியை நிறுத்தினார். நான்காம் நாள் அரிப்பு பாதியாகக் குறைந்தது. பத்தாம் நாள் வெடிப்புகள் மூடியிருந்தன, ஆனால் இறுக்கம் அப்படியே இருந்தது. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை: பூஞ்சணம் போய்விட்டாலும் தழும்பு போகாது. அதற்குத் தனி வைத்தியம் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். அன்று அவரோடு மனைவியும் வந்திருந்தார். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார்.

பாமசியில் கேட்டு ஒரு கிறீம் வாங்கினேன். பூசினால் சுகம், விட்டால் திரும்ப வருகிறது.

அந்தக் கிறீமின் டியூபைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும்: ஒரு ஸ்டீரொய்ட், ஒரு அன்டிபயோட்டிக், ஒரு பூஞ்சண மருந்து. ஸ்டீரொய்ட் சிவப்பையும் அரிப்பையும் இரண்டு நாளில் அடக்கிவிடும், அதனால் மாறிவிட்டது என்று நினைத்து மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். பூஞ்சணம் சாகவில்லை. ஸ்டீரொய்ட் அந்த இடத்தின் எதிர்ப்பையும் தணித்து வைத்திருப்பதால் அது அடுத்த முறை இன்னும் வசதியாக வளரும். அன்டிபயோட்டிக்குக்கோ பூஞ்சணத்திடம் வேலையே இல்லை.

கன்டிடாவாக இருந்தால் பூஞ்சண மருந்து மட்டும் போதும், ஆனால் சுகம் தெரிந்தபிறகும் முழு நாட்களுக்கும் பூச வேண்டும். எரிவு தாங்க முடியாதபோது முதல் சில நாட்களுக்கு 1 சதவீத ஹைட்ரோகோட்டிசோனையும் சேர்ப்பதுண்டு. அது மெல்லிய ஸ்டீரொய்ட், கூடவே பூஞ்சண மருந்தும் போகிறது. கிறீம் பூச முடியாத அளவுக்குத் தோல் இறுகியிருந்தால் 150 மில்லிகிராம் ஃபுளுகொனசோல் குளிசை ஒன்றைக் கொடுப்போம். கிளிக்லசைட் மாதிரிச் சீனிக் குளிசையோ வோபரினோ எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; ஃபுளுகொனசோல் இவற்றின் வேகத்தைக் கூட்டும்.

எல்லாச் சிவப்பும் பூஞ்சணம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெட்ட நாற்றமும் மஞ்சள் கசிவும் இருந்தால் பெரும்பாலும் பக்டீரியா, அதற்கு மருந்து வேறு. சோப்பினாலோ வேறு ஒவ்வாமையாலோ வந்த சிவப்புக்கு மருந்தைவிட அந்தச் சாமானை நிறுத்துவதுதான் வைத்தியம். இரண்டு கிழமை ஒழுங்காகப் பூசியும் மாறாவிட்டால் இன்னொரு டியூப் வாங்காமல் யாரிடமாவது காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று தரம் சோப்பும் கிருமிநாசினியும் போட்டுக் கழுவுகிறேன். இன்னும் எரிகிறது.

அந்தக் கழுவல்தான் எரிக்கிறது. முனையின் தோல் கையில் இருக்கும் தோலைப் போன்றதல்ல. கன்னத்தின் உட்பக்கம் மாதிரி மெல்லியது. கன்னத்துக்குள் சோப்புப் போட்டுத் தேய்ப்போமா?

முதலில் கையைக் கழுவுங்கள். மிளகாய்த்தூளோ சீமெந்தோ தொட்ட கையென்றால் இன்னும் கவனம். பிறகு இளஞ்சூட்டு நீரில் ஒரு நாளைக்கு ஒரு முறை, தோல் நோவில்லாமல் எவ்வளவு பின்னுக்குப் போகிறதோ அவ்வளவு மட்டும் இழுத்து, வெறும் தண்ணீரால் கழுவுங்கள். சோப்பு இல்லாமல் மனம் ஒப்பாவிட்டால் அக்குவஸ் கிறீமைச் சோப்பு மாதிரித் தடவிக் கழுவி, முழுவதும் போக அலசிவிடலாம். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலை மறுபடியும் முன்னுக்குக் கொண்டுவந்து விடுங்கள். சலம் கழித்தபின்னும் கடைசித் துளியை ஒற்றி எடுப்பது நல்லது. கொழும்பு வெக்கையில் நாள் முழுக்க இறுக்கமான ஜீன்ஸோடு நிற்பவர்களுக்குப் பருத்தி உள்ளாடை உண்மையிலேயே வித்தியாசம் காட்டும்.

இறுக்கத்துக்குப் பூசும் மருந்து இருக்கிறதா, வெட்டத்தான் வேண்டுமா?

தோல் இன்னும் மிருதுவாக இருந்தால் பூசிப் பார்க்கலாம். பீட்டாமெதசோன் 0.05 அல்லது 0.1 சதவீதம், காலையும் இரவும், நான்கிலிருந்து எட்டுக் கிழமை வரை. மேலே ஸ்டீரொய்டைக் குறை சொல்லிவிட்டு இங்கே அதையே எழுதுகிறேன் என்று தோன்றும். வித்தியாசம் நேரத்தில்தான் இருக்கிறது: பூஞ்சணம் முழுதாகப் போய், வெடிப்பு மூடி, சீனியும் இறங்கத் தொடங்கிய பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். அப்போது ஸ்டீரொய்ட் தோலின் விறைப்பைக் குறைத்து இழுபட வைக்கிறது.

பூசும் இடமும் முக்கியம். நிறையப் பேர் தண்டு முழுவதும் பூசிக்கொண்டு வருகிறார்கள். தோலை மெதுவாகப் பின்னுக்கு இழுக்கும்போது எந்த வளையம் இறுக்கிப் பிடிக்கிறதோ, அந்த வளையத்தில் மட்டும், ஒரு பயறு அளவு எடுத்து மெல்லியதாகத் தடவுங்கள். குளித்தவுடன் தோல் இளகியிருக்கும். அப்போது இழுவை தெரியும் வரை, நோவு வரும் முன்பே நிறுத்தி, அரை நிமிடம் பிடித்து விடுங்கள். ஐந்தாறு தரம் போதும். இரத்தம் வந்தால் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள். அந்த வெடிப்பு இன்னொரு தழும்பாகும். ஆறும் வரை இழுப்பதை நிறுத்துங்கள்.

துணிக்கடைக்காரருக்கு ஆறு கிழமை எடுத்தது. மூன்றாம் கிழமை வரை ஒன்றும் நடக்கவில்லை என்று மனம் சோர்ந்துவிட்டார். ஐந்தாம் கிழமை முனையின் விளிம்பு தெரிந்தது, ஆறாம் கிழமை தோல் முழுதாகப் பின்னுக்குப் போனது. அதற்குள் வெறும் வயிற்றுச் சீனி 132 ஆகியிருந்தது. எட்டுக் கிழமை ஒழுங்காகச் செய்தும் அசையாவிட்டால் நான் தொடர்ந்து பூசச் சொல்லமாட்டேன். சத்திரசிகிச்சைதான் நேர்மையான பதில்.

விளிம்பு வெள்ளையாகத் தடித்து, அட்டை மாதிரி இருக்கிறது. நோவு அவ்வளவு இல்லை.

இது வேறு வருத்தமாக இருக்கலாம். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று பெயர், தொற்று அல்ல. தோல் வெளிறி, மினுங்கி, விறைத்த வெள்ளை வளையமாகும். பூஞ்சண மருந்து இதற்குக் கேட்காது. குளோபிட்டசோல் என்ற வலுவான ஸ்டீரொய்டை வைத்தியரின் கண்காணிப்பில் சில கிழமைகளிலிருந்து மூன்று மாதம் வரை பூசுவோம். ஏற்கெனவே இறுகித் தழும்பாகியிருந்தால் முன்தோலை எடுப்பதே நல்ல வழி. கவனிக்காமல் விட்டால் சலம் வரும் வாசலும் சுருங்கி, சலம் நூலாகவோ இரண்டாகப் பிரிந்தோ போகத் தொடங்கும். இந்த இடத்தில் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் ஆபத்தும் சிறிதளவு உண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை, வருடத்துக்கு ஒரு முறையாவது காட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கஷ்டப்பட்டுப் பின்னுக்கு இழுத்தேன், இப்போது முன்னுக்கு வரவில்லை. முனை வீங்குகிறது.

இது அவசரம். காலை வரை பார்த்திருக்க வேண்டாம். இறுகிய வளையம் முனைக்குப் பின்னால் ரப்பர் பட்டி போலப் பிடித்து, இரத்தம் திரும்பாமல் தடுக்கிறது. இதைப் பராபைமோசிஸ் என்போம். போகும் வழியில், வீங்கிய முனையையும் தோலையும் கைக்குள் பொத்தி ஐந்து பத்து நிமிடம் சீராக அழுத்துங்கள். வீக்கம் கொஞ்சம் இறங்கியதும் இரண்டு பெருவிரலாலும் முனையை உள்ளே தள்ளி, மற்ற விரல்களால் தோலை முன்னுக்குக் கொண்டுவர முயலுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். கொழும்பில் தேசிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். முனை நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் வீட்டில் எதையும் முயல வேண்டாம், உடனே போங்கள்.

வயதான அப்பாவுக்குச் சலக்குழாய் போட்டிருந்தால், கழுவியபின் தோலை முன்னுக்கு விட்டீர்களா என்று பாருங்கள். இது அங்கேயும் நடப்பது.

சலரோகத்துக்குப் புதுக் குளிசை ஒன்று தந்தார்கள். ஒரு மாதத்தில் இந்த அரிப்பு வந்தது.

பெயர் டபாகிளிஃபுளோசினா, எம்பாகிளிஃபுளோசினா? இரண்டும் சீனியைச் சலத்தோடு வெளியேற்றித்தான் இரத்தச் சீனியைக் குறைக்கின்றன. அதனால் இரத்தச் சீனி நல்ல அளவில் இருந்தாலும் முன்தோலுக்குள் சீனித் துளி இருக்கும். இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்துகள் இவை, ஆகவே நீங்களாக நிறுத்தாதீர்கள். பூஞ்சணத்துக்கு மருந்து பூசி, ஒவ்வொரு முறை சலம் கழித்தபின்னும் கழுவி ஒற்றிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும். திரும்பத் திரும்ப வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், வேறு குளிசைக்கு மாற்றலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: விதைப்பைக்கும் குதத்துக்கும் இடையில் கடும் நோவு, வீக்கம், கூடவே காய்ச்சல் வந்தால் அது மிக அரிதான, ஆனால் உயிருக்கு ஆபத்தான தொற்றாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இது பாலியல் நோயா? மனைவிக்கும் மருந்து வேண்டுமா?

கன்டிடா பெரும்பாலும் உங்கள் உடம்பிலேயே இருந்து பெருகுவது. மனைவி மேலோ உங்கள் மேலோ சந்தேகப்பட இதில் ஒன்றும் இல்லை. அவருக்கு அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் மருந்து எடுங்கள், இல்லாவிட்டால் அவருக்குத் தேவையில்லை. வெடிப்பு ஆறும் வரை உறவைத் தள்ளிப் போடுங்கள். குளோட்ரிமசோல் கிறீம் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் கொப்புளம், ஆறாத தனிப்புண், சலவாசலில் சீழ், அல்லது புதிய உறவுக்குப் பிறகு வந்த சிவப்பு என்றால் பரிசோதிக்கத்தான் வேண்டும். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கிளினிக் இருக்கிறது. காசு இல்லை, விவரம் வெளியே போகாது.

மகனுக்கு நாலு வயது. தோல் பின்னுக்குப் போகவில்லை. இழுத்துப் பழக்கவா?

வேண்டாம். பிறக்கும்போது தோல் முனையோடு ஒட்டித்தான் இருக்கும். வருடங்கள் போகத் தானாகப் பிரியும், சிலருக்குப் பதின்வயது வரை எடுக்கும். இழுத்தால்தான் கிழிந்து தழும்பாகும். வெளியே மட்டும் கழுவிவிடுங்கள். தோல் அடிக்கடி சிவந்து சீழ் வைத்தாலோ, சலம் போகும்போது அழுதாலோ, விளிம்பு வெள்ளையாக விறைத்திருந்தாலோ பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காட்டலாம்.

சுன்னத்துச் செய்தால் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?

பெரியவர்களுக்குச் செய்வது சிறிய சத்திரசிகிச்சைதான். இடத்தை மட்டும் விறைக்கவைத்தோ மயக்கியோ செய்வார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வரலாம். மேசை வேலை என்றால் ஒரு கிழமை, மூட்டை தூக்குபவர், முச்சக்கரவண்டி ஓட்டுபவர் என்றால் இரண்டு கிழமை எடுங்கள். கரையும் தையல் இரண்டு மூன்று கிழமையில் தானாக உதிரும். உறவுக்கு நான்கிலிருந்து ஆறு கிழமை பொறுக்க வேண்டும். முதல் கிழமைகளில் முனை உள்ளாடையில் உரசக் கூசும், அது குறைந்துவிடும். சிலருக்கு முழுதாக எடுக்காமல் இறுகிய இடத்தை மட்டும் திறந்து தைக்கவும் முடியும்; தோலை வைத்திருக்க விரும்பினால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். சீனி உயரத்தில் இருக்கும்போது செய்தால் காயம் ஆற நாள் எடுக்கும், கிருமி பிடிக்கும். அதனால் அவசரமில்லாத இடத்தில் சீனியை இறக்கிவிட்டுத்தான் திகதி எடுப்போம்.

எங்கே போய், என்னவென்று சொல்லுவது? வெட்கமாக இருக்கிறது.

தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ உங்களுக்குப் பக்கத்து அரச ஆஸ்பத்திரியிலோ இலவசமாகக் காட்டலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே சிறுநீர்ச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். துண்டு எழுதுபவரிடம் "தோல் வருத்தம்" என்றாலே போதும். உள்ளே போனதும் "முன்தோல் இறுகிவிட்டது, முனையில் புண்" என்று சொல்லுங்கள். தமிழ் விளங்காத வைத்தியராக இருந்தால் "பைமோசிஸ்" என்ற ஒரு சொல்லே வேலையை முடித்துவிடும். பூசிய டியூபையும் எடுக்கும் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

நாட்கணக்கில் தள்ளிப் போடக் கூடாதவை சில உண்டு: முனையிலோ தோலின் உள்ளேயோ ஒரு கட்டி, நான்கு கிழமையாகியும் ஆறாத புண், தோலுக்கு அடியில் இருந்து இரத்தம் கலந்த கசிவு, கவட்டில் கைக்குத் தட்டுப்படும் கழலை. இறுகிய தோலுக்குப் பின்னால் வளரும் புற்று கண்ணுக்குத் தெரியாது. சலமே போக முடியாமல் அடைத்தால் அன்றே போங்கள்.